விடியற்காலை நாலு மணி வெடியும் வீட்டு நாயும்

"எங்கள் ராணி மூன்று வயது நாட்டு நாய். மதுரையில் தனி வீடு. போன தீபாவளிக்கு முன்தினம் காம்பவுண்டு சுவரைத் தாண்டி ஓடிவிட்டாள், இரவு பத்து மணிக்குத்தான் தேடிப் பிடித்தோம். மறுநாள் கட்டிலுக்கு அடியில் போனவள் ஒன்றரை நாள் வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. இந்த வருஷம் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தூக்க மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா? பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்கிறார்களே, நிஜமா?"

தடவிக் கொடுங்கள். பயம் கூடாது. தூக்க மாத்திரை வேண்டாம். ஆனால் பயத்தையே குறைக்கிற மருந்து இருக்கிறது, ராணியைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். சுருக்கமான பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் அந்த மூன்று வாரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றி.

நான் பதினெட்டு வருஷமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை கிளினிக் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் கேட்பது, "இப்ப ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வரைக்கும் தூங்கட்டும்." அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு. மூன்று வாரம் முன்னால் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தடவுகிற விஷயம். உட்காரச் சொல்லி, உட்கார்ந்ததும் பிஸ்கட் கொடுத்தால் நாய் அடுத்த முறையும் உட்காரும். அது பரிசுக்காகச் செய்கிற செயல். பயம் அப்படியில்லை. பல்லி மேலே விழுந்து அலறுகிற பிள்ளையைக் கட்டிக்கொண்டால், அடுத்த தடவை கட்டிக்கொள்ளட்டும் என்று அது வேண்டுமென்றே அலறப்போவதில்லை. ராணி உங்கள் மடியில் முகம் புதைத்தால் புதைக்கட்டும். காதுக்குப் பின்னாலிருந்து முதுகுவரை மெதுவாக, அழுத்தமாகத் தடவுங்கள். அவளாகவே விலகிக் கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும், இழுக்க வேண்டாம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்குப் புத்தகம் படிக்கலாம். தப்பு ஒன்றுதான்: "ஐயோ என் கண்ணே" என்று நீங்களே பதறி, சத்தம் போட்டு, அங்கும் இங்கும் ஓடுவது. உங்கள் பதற்றம் அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, எதற்காக இவ்வளவு பயம். நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மை என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் அதற்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். ஆனால் என் அனுபவத்தில் சிக்கல் கூர்மையில் மட்டும் இல்லை. கல்யாண வீட்டு மேளத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற நாய், மூன்று தெரு தள்ளி ஒற்றை அணுகுண்டு வெடித்தால் எழுந்து ஓடுகிறது. மேளம் தொடர்ந்து வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. வெடி முன்னறிவிப்பில்லாமல் வருகிறது, எந்தத் திசை என்று தெரியாது, அடுத்தது எப்போது என்றும் தெரியாது. சட்டப்படி ஒரு வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை சத்தம் எழுப்பலாம். அது காதில் மட்டுமில்லை, தரையிலும் ஜன்னல் கதவிலும் அதிர்ந்து உள்ளே வருகிறது. கூடவே மருந்து வாடை, வெளிச்சம். இது அத்தனையும் சேர்ந்து வரும்போது அந்த உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஓடு.

இதிலிருந்து வேலைக்கான வழி தெரிகிறது. சத்தத்தை நாம் நிறுத்த முடியாது. திடீரென்று வருவதைக் கொஞ்சம் மழுக்கலாம். வெடிக்குப் பிறகு என்ன வரும் என்பதை மாற்றலாம். இந்த இரண்டும் போதாத நாய்க்கு மருந்து தரலாம்.

மழுக்குவதற்கு ஓர் அறை வேண்டும். தெருப்பக்கம் சுவரோ ஜன்னலோ இல்லாத, வீட்டுக்கு நடுவில் இருக்கிற இடமாகப் பாருங்கள். பல வீடுகளில் அது சாமான் அறையாக இருக்கும், சில வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம். போன வருஷம் ராணியே கட்டிலுக்கு அடியைத் தேர்ந்தெடுத்தாள் அல்லவா? அந்தக் கட்டில் இருக்கிற அறை உள்ளடங்கியதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தேர்வை மதிப்பது நல்லது. கட்டிலைச் சுற்றிக் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். உள்ளே உங்கள் வியர்வை வாடையுள்ள பழைய புடவையோ லுங்கியோ போடுங்கள். அறையில் விளக்கு எரியட்டும். இருட்டாக வைத்தால் ஜன்னல் வழியாக வரும் ஒவ்வொரு பளிச்சும் பெரிதாகத் தெரியும்.

சத்தத்துக்கு மேல் சத்தம் வைக்க, டேபிள் ஃபேனை அறையிலேயே தரையில் வைத்து வேகமாக ஓடவிடுங்கள். அதன் மொய்யென்ற இரைச்சல் ஊசி வெடி, பிஜிலி போன்ற சின்னச் சத்தங்களை விழுங்கிவிடும். அணுகுண்டின் அடிநாதத்தை விழுங்க அதுபோல் கனமான ஒலி வேண்டும். நம்மிடம் தவில் இருக்கிறதே! நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மங்கல இசையைக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் தூரத்து வெடி அதற்குள் கரைந்துவிடுகிறது. தீபாவளி காலையில் வீட்டில் அதுதான் ஓடும் என்பதால் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். உங்களால் அந்த அறையில் உட்கார்ந்து பேச முடிகிற அளவு சத்தம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த ஃபேனும் இசையும் தீபாவளியன்று மட்டும் வந்தால் "தவில் கேட்டால் வெடி வரும்" என்று ராணி கணக்குப் போட்டுவிடுவாள். இன்றைக்கே ஆரம்பித்து, தினமும் அந்த அறையில் ஒரு வேளைச் சாப்பாடு, பக்கத்தில் ஃபேன், மெல்லிய இசை என்று பழக்குங்கள்.

அறைக் கதவைப் பூட்டாதீர்கள். பூட்டிய அறைக்குள் பயந்த நாய் கதவைப் பிறாண்டி நகத்தைப் பிய்த்துக்கொண்டு வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். கதவு திறந்திருக்கட்டும், வீட்டின் வெளிக் கதவு மட்டும் மூடியிருக்கட்டும்.

இனி வெடிக்குப் பிறகு என்ன வரும் என்பது. இதுதான் மூன்று வாரத்தின் முக்கியமான வேலை, செலவு ஒரு கிலோ கோழிக்கறி. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது வேக வைத்து, சுண்டு விரல் நகம் அளவுக்குக் கிள்ளிப் பிரிட்ஜில் வையுங்கள். இந்த மூன்று வாரமும் அந்தக் கறி வேறு எதற்கும் கிடையாது.

வெடிச் சத்தப் பதிவு ஒன்றைப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ராணி காதை லேசாகத் திருப்புகிற அளவுக்கு மட்டும் ஒலி வையுங்கள். எழுந்து நின்றால், கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால் அது அதிகம். ஒரு வெடி கேட்கட்டும். ஒரு நொடி கழித்து ஒரு துண்டு கறி. அப்புறம் அரை நிமிஷம் ஒன்றுமில்லை. மறுபடி வெடி, மறுபடி கறி. எட்டுப் பத்து வெடியோடு நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

இதில் பாதிப் பேர் தவறுவது வரிசையில்தான். கையில் கறியைக் காட்டிவிட்டு வெடியைப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் நாலே நாளில் கறியைப் பார்த்தாலே நாய் சந்தேகப்படும், "எதற்கோ ஏமாற்றுகிறான்" என்று. வெடிதான் முதலில், கறி அதன் பின்னால். கறிக்கு வெடி அறிவிப்பாக இருக்க வேண்டும். சரியாக நடந்தால் ஒரு வாரத்தில் ஒன்று தெரியும்: வெடி கேட்டதும் ராணி ஜன்னலைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்ப்பாள். அந்தத் திரும்பல் வந்த பிறகே ஒலியை ஒரு படி கூட்டலாம். ஒரு படி கூட்டியதும் அவள் கையைப் பார்க்காவிட்டால் பழைய படிக்கே வந்துவிடுங்கள்.

பதிவுக்கும் எல்லை உண்டு. போன் ஸ்பீக்கரில் டப் டப் என்ற மேல் ஒலிதான் வரும், வயிற்றில் இடிக்கிற அடிநாதம் வராது. அதனால் பதிவுக்குப் பயப்படாத நாய் நிஜ வெடிக்கும் பயப்படாது என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் நம் ஊரில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பிருந்தே பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொளுத்த ஆரம்பித்துவிடுவார்கள். எங்கோ ஒரு சாவு ஊர்வலம் போகும், கட்சிக்காரர் யாரையாவது வரவேற்பார்கள். அந்தத் தூரத்து ஒற்றை வெடிகள்தான் உங்களுக்கு நிஜமான பயிற்சி. இடுப்பில் ஒரு சின்னப் பையில் கறி எப்போதும் இருக்கட்டும். எங்கிருந்தாவது 'டமார்' வந்தால், நீங்கள் என்ன வேலையில் இருந்தாலும் "அடடே!" என்று சந்தோஷக் குரலில் சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். அவள் பயந்தபோது கொடுத்தால் பயத்துக்குப் பரிசாகிவிடாதா என்று மறுபடி சந்தேகம் வரும். ஆகாது, மேலே சொன்ன காரணமேதான்.

இது என் சொந்த நம்பிக்கை மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர் 1,200-க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வெடி வெடித்ததும் உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் அது பலன் தந்ததாகச் சொன்னார்கள். மூலிகைச் சொட்டு, வாசனைத் தெளிப்பு போன்ற பொருட்களுக்கு அந்த அளவு ஆதரவு கிடைக்கவில்லை. கடையில் விலை கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கறியில் இன்னொரு பயன் இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். நாயின் பயத்தை அளக்க அதைவிட நல்ல கருவி இல்லை. வழக்கம்போல மெதுவாக வாங்கினால் பரவாயில்லை. வெடுக்கென்று விரலோடு கவ்விப் பிடுங்கினால் உள்ளே பதற்றம் ஏறிவிட்டது. வாயில் வாங்கிக் கீழே போட்டால் இன்னும் மோசம். கறியைப் பார்க்கவே இல்லை என்றால் பயிற்சி அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் திணிக்காதீர்கள். அவளை மறைவிடத்துக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், நடுக்கம், விரிந்த கண்மணி எல்லாம் அந்தக் கட்டத்தில் வருபவை.

ராணி போன வருஷம் ஒன்றரை நாள் சாப்பிடவில்லை, சுவரும் தாண்டியிருக்கிறாள். அதனால் கறியும் ஃபேனும் மட்டும் அவளுக்குப் போதாது என்றே நினைக்கிறேன். மருந்துப் பக்கம் போகலாம்.

பயத்தைக் குறைக்கும் மருந்துக்கும் தூங்க வைக்கும் மருந்துக்கும் பெரிய வித்தியாசம். நாய்களுக்கு ரொம்ப நாளாகக் கொடுக்கப்பட்டு வரும் அசிப்ரோமசைன் என்ற மருந்து உடம்பைக் கட்டிப்போடும், பயத்தை அப்படியே விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நாய் அமைதியாகப் படுத்திருக்கும். உள்ளே காது கேட்கும், பயம் இருக்கும், ஓட மட்டும் முடியாது. வெடிப் பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. டிராசோடோன், கேபபென்டின், அல்பிரசோலம் போன்றவை வேறு வகை. அவை பதற்றத்தின் மேலேயே வேலை செய்கின்றன. எது, எவ்வளவு என்பது எடை, வயது, இதயம், கல்லீரல், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாம் பார்த்து முடிவு செய்வது. அளவை இங்கே எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய தூக்க மாத்திரையில் பாதியும், சளிக்கு வாங்கிய அலர்ஜி மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

மருந்தில் நானே செய்த இரண்டு தப்பைச் சொல்கிறேன். என் வீட்டில் செவலை என்று ஒரு நாய் இருந்தது, தெருவிலிருந்து எடுத்து வந்தது, 18 கிலோ. முதல் வருஷம் வெடி ஆரம்பித்து அவன் நடுங்கத் தொடங்கிய பிறகு மாத்திரை கொடுத்தேன். பயம் உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் மருந்து ஓடிப் பிடிக்கவே முடியாது. அது வேலை செய்ய ஆரம்பித்தபோது வெடி ஓய்ந்துவிட்டது, மத்தியானம் முழுக்கத் தள்ளாடிக்கொண்டிருந்தான். இரண்டாம் வருஷம் சரியான நேரத்தில்தான் கொடுத்தேன், ஆனால் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. சில நாய்களுக்கு அல்பிரசோலம் தலைகீழாக வேலை செய்யும், படுக்க விடாமல் இன்னும் பரபரப்பாக்கும். செவலை அந்த ரகம். வீடு முழுக்கச் சுற்றினான், சமையலறை மேடையில் ஏறினான். அதிரசத் தட்டு காலி.

மூன்றாம் வருஷம் இரண்டு வாரம் முன்பே, வெடியே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு மருந்தைச் சோதனையாகக் கொடுத்தேன். எத்தனை நிமிஷத்தில் கண் சொக்குகிறது, நடை தடுமாறுகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்து வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் முழுதாக வேலை செய்தது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வருஷ தீபாவளியின் அட்டவணை ஆனது. ராணிக்கும் இப்படி ஒரு சோதனை நாள் வையுங்கள், வீட்டில் நாள் முழுக்க ஆள் இருக்கிற நாளாக. ஒத்துவரவில்லை என்றால் டாக்டர் மாற்றிக் கொடுக்க நேரம் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள், வலி. ராணிக்கு மூன்று வயதுதான் என்றாலும் சுவர் தாண்டியவள். முன்பெல்லாம் வெடிக்கு அசராத நாய் ஏழெட்டு வயதில் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால், நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இடுப்பையும் முட்டியையும்தான். சத்தத்தில் உடம்பு விறைக்கும்போது மூட்டு வலிக்கிறது, அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்து மூளை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. மூட்டு வலிக்கு வைத்தியம் செய்ததும் பயம் பாதியாகக் குறைந்த லேப்ரடார்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த நாள். நாய்களைப் பற்றி இணையத்தில் வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெளியூர்க்காரர் எழுதியவை; "மாலைக்குள் நாயை நடத்திவிட்டு வாருங்கள், இரவு வெடிப்பார்கள்" என்று இருக்கும். நம் தீபாவளி அப்படியில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடிவதற்கு முன்னால் முதல் வெடி. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் வைத்திருக்கிறார்கள். சரவெடிக்கும் உச்ச நீதிமன்றத் தடை இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் 4 மணிக்குச் சரவெடி கேட்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். நாய்க்கு அதிலுள்ள தொல்லை இதுதான்: இரவெல்லாம் அடக்கிய மூத்திரத்தோடு அது வெளியே போகத் தவிக்கிற நேரமும், வெடி உச்சத்தில் இருக்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன.

அதனால் முன்தினத்திலிருந்தே கடிகாரத்தை மாற்றுங்கள். முன்தினம் மத்தியானம் 3 மணிக்கு நல்ல நீண்ட நடை, நாய் களைக்கும் அளவுக்கு. 6 மணிக்குள் சாப்பாடு. இரவு 7 மணியிலிருந்து பட்டாசுக் கடையிலிருந்து வந்த பிள்ளைகள் சாம்பிள் பார்ப்பார்கள், அதனால் அதற்குப் பிறகு வாசல் பக்கமே வேண்டாம். அந்த இரவுக்கும் மருந்து தேவையா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். ராணி போன வருஷம் ஓடியது அந்த இரவில்தானே.

அலாரம் இரண்டரைக்கு. ராணியின் மருந்துக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று சோதனையில் தெரிந்திருந்தால், 4 மணி வெடிக்கு இரண்டரைக்கே கொடுத்தாக வேண்டும். கொடுத்த கையோடு பின்பக்கம் தோட்டத்திலோ வாசலிலோ சங்கிலியோடு ஒரு சுற்று, மூத்திரம் போனதும் உள்ளே. கழுத்துப் பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்புப் பட்டையும் கழுத்துப் பட்டையும் இரண்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். தகட்டில் பொறித்தால் இன்னும் நல்லது.

பிறகு வீடு விழித்துக்கொள்ளும். எண்ணெய், சீயக்காய், லேகியம், புதுத் துணி என்று எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். ராணிக்கென்று ஒருவரை முன்தினமே நியமித்துவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் குளித்து முடித்து அறைக்குள் போய்விட வேண்டும், கையில் கறி. கறியை வாங்குகிறாளா, பிடுங்குகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பாட்டிகளுக்கு ஏற்ற வேலை. எங்கள் வீட்டில் அம்மா ஃபேனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார், செவலை அவர் முதுகுக்குப் பின்னால்.

ஓடிப்போகும் நாய்களில் பல, யாரோ கேட்டைத் திறந்த நிமிஷத்தில் ஓடியவைதான். பலகாரத் தட்டோடு வரும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டைச் சாத்த மறப்பார். கேட்டில் ஒரு அட்டையைக் கட்டி "நாய் பயந்திருக்கிறது, மூடிவிட்டு வரவும்" என்று எழுதுங்கள், உள்ளே வீட்டுக் கதவும் தாழ்போட்டிருக்கட்டும். முற்றத்தில் சங்கிலியில் கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. சுவர் தாண்டத் தெரிந்த நாய் சங்கிலியோடு தாண்டினால் மறுபக்கம் தொங்கிவிடும்.

காலை 10 மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்போது மறுபடி வெளியே விடுங்கள். தரையைப் பார்த்து நடத்துங்கள். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் கம்பி வெகு நேரம் சூடாக இருக்கும், பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்பியை ஒரு வாளித் தண்ணீரில் போடட்டும். சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 10 நிமிஷமாவது காட்டுங்கள், மஞ்சளும் பற்பசையும் தடவாதீர்கள். இரவு வெடிக்கு 5:30 மணிக்கு அடுத்த மருந்து. அதை இரண்டாம் தடவை கொடுக்கலாமா, எவ்வளவு இடைவெளி என்பதை டாக்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பலகாரத்தில் ஒன்றே ஒன்று: பாயசத்திலும் லட்டிலும் வரும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராணி நோன்பு இருந்துவிட்டாளே என்ற பாசத்தில் யாராவது லட்டு ஊட்டப் போவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காட்டன் துண்டை மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினால் அமைதியாகும் என்று சிலர் சொல்வார்கள். சில நாய்களுக்குப் பலன் இருக்கிறது, கெடுதல் இல்லை. ஆனால் ஐப்பசிப் புழுக்கத்தில் ஏற்கெனவே மூச்சிரைக்கும் நாய்க்கு அது கூடுதல் சூடு. காதில் பஞ்சு வைப்பதும் உண்டு. பயத்தில் தலையை உதறும்போது பஞ்சு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "பழகட்டும்" என்று பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெடி கொளுத்துபவர்களிடம் பேசிப் பயன் இல்லை, ராணியை அவர்கள் கைக்கெட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெரு நாய்களுக்கும் ஒரு இடம் இருக்கும். வண்டி நிறுத்துமிடமோ மாடிப்படி அடியோ இரண்டு நாள் திறந்திருக்கட்டும், ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். வீட்டுக்குள் ஓடி வந்தால் விரட்ட வேண்டாம். பயந்த தெரு நாயைத் தொடவும் வேண்டாம்.

தீபாவளி முடிந்த மறுநாளும் ராணி சோர்ந்து கிடந்தால் பதறாதீர்கள், நாள் முழுக்கத் தூங்குவது சகஜம். நடை வேண்டுமென்றால் வெயில் ஏறிய பிறகு, வெடிக்காத வெடியைப் பிள்ளைகள் பொறுக்கிக் கொளுத்தும் தெருக்களைத் தவிர்த்து. இந்த முறையும் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரோ சாப்பாடோ தொடவில்லை என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, வெடி எதையாவது கடித்துத் தின்றுவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலோ உடனே கூட்டிப் போங்கள்.

மூன்று வாரத்தில் ராணியின் பயம் தீராது. சுவரைத் தாண்டாமல், அன்று மாலையே ஒரு வாய் சாப்பிட்டாள் என்றால் அதுவே இந்த வருஷத்துக்கு நல்ல பலன். செவலைக்கு மூன்றாம் வருஷம் அதுதான் கிடைத்தது. நாலாம் வருஷம் மருந்து பாதியாகக் குறைந்தது.

கறிப் பையை உடனே கழற்றிவிடாதீர்கள், சில வாரத்தில் கார்த்திகை வந்துவிடும், அப்புறம் புத்தாண்டு இரவு. ஒரு சின்ன நோட்டில் மருந்து கொடுத்த நேரம், முதல் வெடி கேட்ட நேரம், எந்த வெடிக்குக் கறியை மறுத்தாள், எப்போது மறுபடி வாங்கினாள் என்று நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.